எந்த ஊருக்கும் எண்பது

பாராட்டினால் பயந்துபோகிற ஜென்மங்கள் உலகத்தில் உண்டு. கணக்கம்மா அப்படி ஒருத்தி. திட்டினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, பழகிய மழை மாதிரி நனைந்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். யாராவது "நல்லா பண்ணிருக்கே"ன்னு சொல்லிவிட்டால்தான் ஆடிப்போவாள். எங்கே என்ன தப்பு ஒளிந்திருக்கிறதோ என்று அன்று முழுக்கத் தேடுவாள்.

திங்கட்கிழமை அவளை நாத்தனார் பாராட்டியிருந்தாள். அதுவும் சாதாரணமாக இல்லை. கணக்கம்மா போட்டுக் கொடுத்த பட்டியலைப் பெரிய தாளில் அச்சடித்து, மாடி அறையில் தன் நாற்காலிக்கு நேரெதிரே ஒட்டியே விட்டாள். கணக்கம்மாவுக்கு அப்போதிருந்தே சரியாகச் சோறு இறங்கவில்லை.

நாத்தனாருக்குக் கடையில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ஹெட்மிஸ். அவள் காதில் விழாதபடிதான், விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஒருமுறை கணக்கம்மா ஒரு முகவரியில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டதற்கு, அந்த முகவரியை நோட்டில் இருபது தடவை எழுத வைத்தவள் அவள். எழுதியது நாலு வருடம் முன்பு. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கக் கூட விடவில்லை.

கடை என்றால் ரோட்டைப் பார்த்த கடை இல்லை. வீட்டின் கீழ்த்தளம்தான் கிடங்கு, மாடி அறைதான் ஆபீஸ். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு வேண்டிய சாமான்களை ஆன்லைனில் விற்பார்கள். கழுத்துப் பட்டை, மணி, சீப்பு, நாய் மெத்தை, அப்புறம் பூனை மணல். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு அதுதான் கக்கூஸ். பத்து கிலோ மூட்டையாக வரும். கிடங்கில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டு கிடந்தது. கீழே சாமான் கட்டுகிறவள் பேக்கிங் அக்கா. மூட்டை தூக்குகிறவன் கணக்கம்மாவின் புருஷன், ஹெட்மிஸ்ஸின் கூடப்பிறந்த தம்பி. இந்தக் கடையை நம்பி மாடியும் கீழும் சேர்த்து ஏழு வயிறு இருந்தது. வாடகை, சம்பளம் எல்லாம் போக மாதம் மிஞ்சுவது முப்பத்தெட்டாயிரம்.

டெலிவரிக் கட்டணம் ஆரம்பத்திலிருந்தே ஒரே கட்டணம்தான். என்ன வாங்கினாலும், எந்த ஊருக்கு வாங்கினாலும் எண்பது ரூபாய். "ஜனங்களுக்குப் புரியணும். கிலோவுக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவுன்னு சொன்னா ஓடிப் போயிடுவாங்க" என்பாள் ஹெட்மிஸ். அதில் தப்பில்லை, ஜனங்களுக்குப் புரியத்தான் செய்தது.

பட்டியல் விஷயம் இதுதான். போன மாதத்து ஆர்டர்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. எதில் லாபம் அதிகமோ அதை மேலே வைத்து, வரிசையாக அடுக்கித் தரச் சொன்னாள் ஹெட்மிஸ். கணக்கம்மா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடுக்கினாள். விற்ற விலையில் வாங்கின விலையைக் கழித்தாள், அட்டைப்பெட்டி, டேப் செலவைக் கழித்தாள், வாடிக்கையாளர் கொடுத்த எண்பதைக் கூட்டினாள். கடைசியாகக் கூரியர் செலவைக் கழிக்க வேண்டும். கூரியர் பில் மாதத்துக்கு ஒரே தொகையாகத்தான் வரும், ஐம்பத்தையாயிரத்து எண்பது. அதை அறுநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால் சரியாகத் தொண்ணூறு வந்தது. மீதி கூட இல்லை. மீதியில்லாமல் வகுபட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். ஒவ்வொரு வரியிலும் தொண்ணூறு தொண்ணூறாகக் கழித்தாள். மொத்த லாபத்தைக் கூட்டினாள், ஆடிட்டர் போட்ட தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. அதற்கப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பட்டியலின் தலையில் பூராவும் மணல் மூட்டைகள். இரண்டு மூட்டை வாங்கின ஒவ்வொரு ஆர்டரிலும் ஐந்நூற்றைம்பது லாபம். அடியில் கழுத்துப் பட்டைகள், ஒன்றுக்கு நூற்றுப்பத்து. ஹெட்மிஸ் இதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் யோசித்தாளாம். செவ்வாய்க்கிழமை காலை திட்டத்தோடு இறங்கி வந்தாள்.

"மேல இருக்கற அறுபது பேருக்கும் இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மெசேஜ் போகுது. ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் ரெண்டு மூட்டை. விலையும் ஏறாது, டெலிவரியும் ஏறாது, எந்த ஊரா இருந்தாலும் எண்பது. ஃப்ரெண்டுக்கு அனுப்பினா அவங்களுக்கும் அதே சலுகை. இந்தப் பட்டை, மணி எல்லாம் இருக்கற ஸ்டாக்கோட நிறுத்திடலாம். கொசுறு வியாபாரம் போதும்."

"சரிக்கா" என்றான் தம்பி. அவனுக்குத் தெரிந்த ஒரே பதில் அது.

"எல்லாம் இவளாலதான்" என்று கணக்கம்மாவின் தோளைத் தட்டினாள் ஹெட்மிஸ். தட்டிய இடம் அன்று மதியம்வரை கனத்தது.

பதினோரு மணிக்குப் பேக்கிங் அக்கா மாடிப்படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தாள். "ஏம்மா, லேபிள் வரமாட்டேங்குது. மெஷின் நல்லாத்தான் இருக்கு, உள்ள ஏதோ மக்கர் பண்ணுது."

மக்கர் பண்ணியது கடையின் மென்பொருள். எப்போதும் ஆர்டர் வந்ததும் அதுவே கூரியர்காரனிடம் பதிவு செய்து லேபிளைத் துப்பிவிடும். லேபிளில் பெயர், முகவரி, எடை மட்டும் இருக்கும், கட்டணம் இருக்காது. இன்றைக்குக் கையால் பதிய வேண்டும். ஹெட்மிஸ்ஸின் அறைக்கதவுக்கு வெளியே, மாடி வராந்தாவில் இருந்த தன் கம்ப்யூட்டரில் கணக்கம்மா கூரியரின் பக்கத்தைத் திறந்தாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக.

முதல் பார்சல் ஒரு கழுத்துப் பட்டை, இதே நகரம், கால் கிலோ. கட்டணம் முப்பத்தெட்டு என்று காட்டியது. பரவாயில்லையே என்று நினைத்தாள். இரண்டாவது, இரண்டு மணல் மூட்டை, இருபது கிலோ, நாட்டின் அந்தக் கோடிக்கு. எண்ணை அழுத்தினாள்.

ஆயிரத்து நூற்று நாற்பது.

ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அதேதான். பக்கத்தில் விளக்கமும் போட்டிருந்தான் புண்ணியவான், அந்தத் தூரத்துக்குக் கிலோவுக்கு ஐம்பத்தேழு, இருபது கிலோவுக்கு இவ்வளவு. எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஆயிரத்து நூற்று நாற்பது கொடுத்து அனுப்புகிற மூட்டை அது.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. கீழே டேப் கிழிக்கும் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. கூரியர் ஆபீஸுக்குப் போன் போட்டாள், மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"ரேட் ஏத்திட்டீங்களா?" என்றாள் கணக்கம்மா. ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டுமே என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"இல்லீங்களே. ரெண்டு வருஷமா அதே ரேட்தான்."

"இல்ல, எங்களுக்கு ஒரு பார்சலுக்குத் தொண்ணூறுதான் வரும்."

"அப்படி ஒரு ரேட்டே கிடையாதுங்க. எடையும் தூரமும் வெச்சுத்தான் போடுவோம். லேசான பெரிய பெட்டின்னா நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி ஐயாயிரத்தால வகுப்போம், அந்தக் கிலோவோ நிஜ எடையோ, எது அதிகமோ அதுக்குத்தான் காசு. மாசபில்லோட இன்னொரு ஃபைல் வரும் பாருங்க, ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியா இருக்கும்."

வந்திருந்தது. மாதாமாதம் வந்திருந்தது. பில் தொகை ஒத்துப்போனதால் அவள் அதைத் திறந்ததே இல்லை.

இப்போது திறந்தாள். ஆர்டர் எண்ணை வைத்து ஒவ்வொரு வரிக்கும் அதனதன் உண்மையான கூரியர் செலவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தொண்ணூறை எடுத்துவிட்டாள். மறுபடி வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

பட்டியல் தலைகீழாகக் கவிழ்ந்தது. முதல் இடத்தில் இருந்தது அறுநூற்றுப் பன்னிரண்டாவது இடத்துக்குப் போய் விழுந்தது. லாபம் ஐந்நூற்றைம்பது என்று போட்டிருந்தாளே, அது நஷ்டம் ஐந்நூறு. மூட்டைக்கு இருநூற்றெண்பது மிஞ்சும், இரண்டுக்கு ஐந்நூற்றறுபது, வாங்கின எண்பது சேர்த்தால் அறுநூற்று நாற்பது. அதிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது போனால் என்ன நிற்கும்? நாய் மெத்தை ஒரு கிலோதான், ஆனால் பெட்டி பெரிது, எட்டு கிலோவுக்கான காசைத் தின்றிருந்தது. நிறுத்திவிடலாம் என்று சொன்ன அந்தக் கழுத்துப் பட்டை, நூற்றுப்பத்து என்று போட்டாளே, உண்மையில் நூற்றறுபத்திரண்டு சம்பாதித்துக் கொண்டிருந்தது. வீட்டைக் காப்பாற்றியது அந்தக் கொசுறு வியாபாரம்தான்.

தூரத்து மணல் பார்சல்கள் இருபத்திரண்டே இருபத்திரண்டு. அவை மட்டும் இருபத்துநாலாயிரத்து நானூறு ரூபாய் விழுங்கியிருந்தன. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூறு பார்சலுக்கும் சராசரி ஐம்பத்திரண்டுதான். இரண்டையும் கலந்து வகுத்ததால் தொண்ணூறு என்று சாதுவாக வந்து உட்கார்ந்திருந்தது. மொத்தம் சரியாக இருந்ததால் ஒவ்வொரு வரியும் பொய்யாக இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. இத்தனை நாள் கடை ஓடியதற்குக் காரணம், தூரத்து மூட்டைகள் இருபத்திரண்டோடு நின்றதுதான். இன்று நாலு மணிக்கு அந்த இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுத்து, நண்பர்களையும் கூட்டி வரச் சொல்லப் போகிறார்கள். அப்படி நூறு பேர் சேர்ந்தால் மாதம் ஐம்பதாயிரம் போகும். மிஞ்சுவதோ முப்பத்தெட்டாயிரம். கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஏழு வயிறு.

மணி பன்னிரண்டரை.

கீழே போய்ப் புருஷனைக் கிடங்கின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் வேர்வையைத் துடைத்தபடி கேட்டுக் கொண்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மாவு பூசின மாதிரி வெளுத்தது.

"அக்காகிட்ட சொல்லணுமே" என்றான்.

"நீங்க சொல்லுங்களேன்."

"நானா? விளையாடறியா?" சுற்றுமுற்றும் பார்த்தான். "இப்படிப் பண்ணலாம். கூரியர்காரன் இன்னிக்குக் காலைலதான் ரேட்டை ஏத்திட்டான்னு சொல்லிடு. அவன் தலைல போட்டுடலாம். பெரிய கம்பெனி, தாங்கிக்குவான்."

நல்ல யோசனைதான். ஒரு நிமிடம் அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம் அதுவும் போனது. ஹெட்மிஸ் அடுத்த நொடியே போனை எடுத்து அந்தக் கூரியர் ஆபீஸ் பெண்ணைத் திட்டுவாள், அந்தப் பெண் இரண்டு வருடமாக அதே ரேட் என்பாள். பொய்யும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இருபது தடவையோடு விடமாட்டாள்.

"நீதானே போட்டே, நீயே சொல்லிடும்மா" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அதை எங்கேயும் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றான்.

ஒரு மணிக்கு முதல்முறை படியேறினாள். கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே ஹெட்மிஸ் மணல் கம்பெனியோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு லோடு இல்லீங்க, ரெண்டு லோடா தயாரா வைங்க, நாளைக்குக் காலைல உறுதி பண்றேன்." ஹெட்மிஸ் சிரித்து அவள் கேட்டது ரொம்ப நாளைக்கு முன்னால். அந்தச் சிரிப்பைக் கெடுக்கத் துணிவு வரவில்லை. இறங்கிவிட்டாள்.

இரண்டு மணிக்கு இரண்டாம் முறை. தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனாள், வாய் வராவிட்டால் தாளையாவது நீட்டிவிடலாம் என்று. ஹெட்மிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"வா வா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்த மாசத்துலேர்ந்து உனக்குத் தனிச் சம்பளம் போடப் போறேன். என் தம்பி பொண்டாட்டின்னு இல்ல, நீ செஞ்ச வேலைக்கு. என்ன அது கைல?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பழைய லேபிள்" என்றது கணக்கம்மாவின் வாய். அவள் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது. இறங்கி வந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயத்தில் அழுவது துக்கத்தில் அழுவது மாதிரி இல்லை. கண்ணீர் வந்தாலும் பாரம் குறைவதில்லை.

நாலு மணிக்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும். நாலு மணிவரை நேரம் இருக்கிறது. மூன்றே முக்காலுக்கு ஏறுவது என்று தீர்மானம் செய்தாள். கடிகாரத்தின் கீழேயே உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்தாள். அண்ணி, பட்டியல் தப்பு. அண்ணி, நான் தப்பு பண்ணிட்டேன். பேக்கிங் அக்கா மெத்தையைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கறியா?"

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு மேசையிலிருந்த கடைப் போன் டிங் என்றது. புது ஆர்டர் வந்தால் வருகிற சத்தம். எடுத்துப் பார்த்தாள். ஒரு வருடத் திட்டம், மாதம் இரண்டு மூட்டை. அந்தக் கோடி ஊர்.

நாலு மணி ஆகவில்லையே! அவள் எழுந்திருப்பதற்குள் மறுபடி டிங். அப்புறம் ஒன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல். பேக்கிங் அக்கா கை தட்டினாள். "அடி சக்கை! போனே படுத்துடும்போல இருக்கே!" ஒவ்வொரு சத்தத்துக்கும் ஐந்நூறு ரூபாய், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு. கணக்கம்மாவுக்கு யாரோ முதுகில் ஆணி அடிப்பது மாதிரி இருந்தது.

படிகளை எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஹெட்மிஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பற அவசரத்துல இருப்பாங்க, இப்பவே விட்டுட்டேன். பாத்தியா? அஞ்சு நிமிஷத்துல பதினொண்ணு!"

"நிறுத்துங்க அண்ணி."

"என்னது?"

"அந்த லிங்க்கை மூடுங்க. தயவுசெஞ்சு முதல்ல மூடுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க. அடிக்கக் கூட அடிங்க."

நாத்தனாரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. ஹெட்மிஸ்ஸின் நாற்காலி நின்றது. போனில் இன்னும் டிங், டிங். கணக்கம்மா மேசையைச் சுற்றிப் போய், கேட்காமல், அவள் முன்னாலேயே கம்ப்யூட்டரில் திட்டத்தின் பக்கத்தை மூடினாள். பிறகு தாள்களை மேசையில் வைத்தாள். வாய் திறந்ததும் நிறுத்த முடியவில்லை, கொட்டித் தீர்த்தாள். தொண்ணூறு, முப்பத்தெட்டு, ஆயிரத்து நூற்று நாற்பது, திறக்காத ஃபைல், காலையிலேயே தெரிந்தும் இரண்டு தடவை படி ஏறி இறங்கியது, எல்லாம்.

ஹெட்மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். திட்டுக்காகக் கணக்கம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மொத்தம் ஒத்துப்போச்சே" என்றாள் ஹெட்மிஸ் கடைசியில். குரல் அவள் குரலாக இல்லை.

"மொத்தம் சரிதான் அண்ணி. வரிசைதான் தப்பு. நாம வரிசையைப் பாத்துதானே முடிவு பண்ணோம்."

"எத்தனை பேர் சேந்தாங்க?"

"பத்தொன்பது."

"அதுல தூரம்?"

"பதினாலு." சொன்னபோதுதான் அவளுக்கே உறைத்தது. செய்தி போனது அறுபது பேருக்கு. முந்திக்கொண்டு ஓடி வந்ததில் முக்கால்வாசி தூரத்துக்காரர்கள்.

ஹெட்மிஸ் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. பதினாலு பேர், ஆளுக்கு ஐந்நூறு, பன்னிரண்டு மாதம். எண்பத்துநாலாயிரம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கப் போனவள், விளிம்பில் வைத்துவிட்டாள், அது கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. கைகள் இரண்டும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அவளும் பயந்திருக்கிறாள் என்று கணக்கம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை இருந்த பயத்தை விட இது பெரிய பயமாக இருந்தது. பயப்படாத ஒரு ஆள் வீட்டில் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் எல்லோரும் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தார்கள்.

"எண்பதுன்னு வெச்சது நான்தான்" என்றாள் ஹெட்மிஸ். "நானும் ஒரு நாள் கூட எந்தப் பார்சலுக்கு எவ்வளவுன்னு பாக்கலை." நிமிர்ந்தாள். "இந்த மாச மூட்டை போகட்டும். சொன்ன எண்பதுக்கே போகட்டும். காசு கட்டினவங்களை நட்டாத்துல விட முடியாது, அந்த ஏழாயிரம் நம்ம தலையெழுத்து. வருஷத் திட்டம் மட்டும் முடியாதுன்னு அந்தப் பதினாலு பேர்கிட்டயும் சொல்லி மன்னிப்பு கேட்டுக்கணும். மெசேஜ்ல சொல்லக் கூடாது, பேசித்தான் சொல்லணும்."

"சரி அண்ணி. நீங்க பேசுங்க."

"நான் பேசினா அழுதுடுவேன். நீ பேசு."

போனை நீட்டினாள். கணக்கம்மா வாங்கிக்கொண்டாள்.

பட்டியலில் கடைசி வரி, அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கோடி ஊர்க்காரிதான் இன்றைக்கும் முதலில் சேர்ந்தவள். மூன்றாவது மணி அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பூனைகள் கத்தின, ஒன்றிரண்டு இல்லை, ஒரு வீடு நிறைய.

கணக்கம்மா சொன்னாள். ஒரு வருடம் என்று சொன்னது எங்கள் தப்பு, கூரியர் செலவைச் சரியாகப் பார்க்கவில்லை, இந்த மாத மூட்டை எண்பதுக்கே வரும், அதற்கப்புறம் முடியாது, மன்னிக்க வேண்டும். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி தோளைக் குறுக்கிக்கொண்டாள், எதிரே இருப்பது வெறும் போன் என்பதைக் கூட மறந்துவிட்டு.

மறுமுனையில் கத்தல் வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது.

"தெரியும்" என்றது அந்தக் குரல். "ஒரு நாள் இந்த போன் வரும்னு தெரியும். இங்க எந்தக் கடையும் எண்பதுக்கு அனுப்பாது. ஒவ்வொரு மாசமும் உங்க பக்கத்தைத் திறக்கறப்போ பயந்துக்கிட்டேதான் திறப்பேன், இன்னும் எண்பதுதானா, மாத்திட்டாங்களான்னு. தெருவுல கிடந்ததை எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். முப்பத்தோரு பூனை." பிறகு கேட்டாள். "உண்மையில எவ்வளவு ஆகுது?"

"ரெண்டு மூட்டைக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது."

"ஐயோ. ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாங்க."

பூனைகள் கத்தின. கணக்கம்மாவுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது, ஆனால் அவள் எப்படி நிற்கிறாள் என்று தெரிந்தது. இப்படித்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள்.

"இந்த மாசம் மட்டும் எண்பது?"

"ஆமாங்க. கடைசியா."

"அப்படின்னா…" குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை மட்டும், ரெண்டை நாலா மாத்திக்கட்டுமா? அதே எண்பதுதானே?"

நாலு மூட்டை, நாற்பது கிலோ, கிலோவுக்கு ஐம்பத்தேழு. இரண்டாயிரத்து இருநூற்றெண்பது. கணக்கு அவள் தலைக்குள் தானாக ஓடி முடிந்துவிட்டது. எதிரே நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள், குரல் அவ்வளவு தெளிவாக வெளியே வந்தது. இந்த ஒரு பெண்ணுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் என்ன, முப்பத்தோரு பூனை, பாவம். மீதிப் பதின்மூன்று பேரும் இதையேதான் கேட்பார்கள். கேட்காமல் யார் இருப்பார்கள்? அவளே அந்த இடத்தில் இருந்தால் கேட்டிருப்பாள்.

பிறந்ததிலிருந்து யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத வாய் அது. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் உதவிக்கு வரவில்லை, தலையைக் கூட அசைக்கவில்லை.

"இல்லீங்க" என்றாள் கணக்கம்மா. "முடியாதுங்க. ரெண்டுதான்."

"சரிம்மா" என்றது குரல். "நீ என்ன பண்ணுவே."

போனை வைத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெட்மிஸ் கீழே குனிந்து கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பட்டியலில் விரலை ஒரு வரி மேலே நகர்த்தி, அடுத்தவரின் போன் எண்ணை மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க ஆரம்பித்தாள்.